யூசர்நேம் – பயனர்பெயர்

பேரப்பிள்ளைகளோடு பேசலாம் என்று முதன்முறை சமூக வலைத்தளத்தில் சேரும் பெரியவரிடம் திரை கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று யூசர்நேம். யூசர் என்றால் பயன்படுத்துபவர், நேம் என்றால் பெயர். ஒரே கணினியைப் பலர் பகிர்ந்து பயன்படுத்தத் தொடங்கிய 1960களில், எந்தக் கோப்பு யாருடையது என்று பிரித்தறிய ஆளுக்கொரு அடையாளம் தேவைப்பட்டது. அந்தத் தேவையிலிருந்து வளர்ந்ததுதான் இது. அதனால்தான் ஒரு தளத்தில் ஒரு யூசர்நேம் ஒருவருக்கு மட்டுமே கிடைக்கிறது.

தமிழில் பயனர்பெயர் என்பதே பொருத்தம். பயன் பழைய சொல். திருக்குறளில் ‘பயனில சொல்லாமை’ என்று ஓர் அதிகாரமே உண்டு. அதோடு ‘அர்’ சேர்ந்து பயனர் ஆனது. சிலர் பயனாளி என்று எழுதுகிறார்கள். அது உதவி பெறுபவரைக் குறிக்கும் சொல், இங்கே சரிப்படாது. புனைபெயரும் வேறு, கடவுச்சொல்லும் வேறு. பயனர்பெயரை எல்லாரிடமும் சொல்லலாம், கடவுச்சொல்லை யாரிடமும் சொல்லக்கூடாது. இந்த வேறுபாட்டைப் பெரியவருக்கு முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

அடுத்த சிக்கல் எழுத்து. இன்ஸ்டாகிராம், எக்ஸ் இரண்டிலும் பயனர்பெயரைத் தமிழில் வைக்க முடியாது. கூடவே காட்டப்படும் பெயரைத் தமிழில் தாராளமாக வைக்கலாம். ஆங்கில எழுத்தில் எழுதும்போதுதான் தமிழ்ப்பெயர் பல வடிவம் எடுக்கும். செண்பகவல்லி என்பதை shenbagavalli, senbagavalli, chenbagavalli என்று மூன்று விதமாக எழுதலாம். மூன்றில் எதை வைத்தோம் என்பது பாட்டிக்கும் மறந்துபோகும், தேடுகிற பேத்திக்கும் கிடைக்காது. ‘பாட்டி’கூட patti, paati, paatti என்று மாறும்.

ஆகவே ஒரே விதமாக எழுதப்படும் துண்டைத் தேடுங்கள். வீட்டில் அவரை வல்லி என்று கூப்பிடுகிறார்கள், பேரப்பிள்ளைகள் அம்மம்மா என்கிறார்கள் என்றால் `ammammavalli` போதும். 12 எழுத்துதான்; எக்ஸ் தரும் 15 எழுத்து எல்லைக்குள்ளும் இன்ஸ்டாகிராமின் 30க்குள்ளும் அடங்கிவிடும். இடைவெளி விடக்கூடாது. அடிக்கோடு வேண்டாம், கைப்பேசியில் அதைத் தேடி எடுக்கவே அவர் திணறுவார். புள்ளியை எக்ஸ் ஏற்காது. பிறந்த ஆண்டைச் சேர்க்கும் பழக்கம் பலருக்கு உண்டு, அதைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும். வயதானவர் என்று தெரிந்துகொண்டு ஏமாற்ற வருபவர்களுக்கு நாமே வழிகாட்டியதாகிவிடும்.

அந்தப் பெயரை வேறொருவர் எடுத்திருந்தால் தளம் தானாகவே எண் சேர்த்த பெயர்களைப் பரிந்துரைக்கும். அதை அப்படியே ஏற்காதீர்கள், அந்த எண் அவர் மனத்தில் நிற்காது. வரிசையை மாற்றி `valliammamma` என்று பார்க்கலாம்.

முடிவு செய்யுமுன் ஒரு சோதனை. பெரியவர் தொலைபேசியில் பேரனிடம் அந்தப் பெயரை ஒருமுறை வாயால் சொல்லட்டும். எழுத்துக் கூட்டிக் கேட்காமல் அவன் சரியாகத் தட்டச்சு செய்துவிட்டால் அதையே வைத்துவிடலாம். ‘எத்தனை எம்?’ என்று கேட்டால், அப்புறம் இன்னும் சுருக்கமாக ஒன்று தேட வேண்டியதுதான்.