வால்வு திறந்ததா, யாராவது திறந்தார்களா?

பெங்களூரில் பதினோரு வருடமாகத் தொழில்நுட்ப மொழிபெயர்ப்பு செய்கிறேன். பீன்யா பக்கத்து ஆலை ஒன்றின் விபத்து அறிக்கையில் நான் செய்த தப்பு இது. ஆளுக்கு அடிபடவில்லை, நல்லவேளை.

பாய்லரில் அழுத்தம் கூடியதும் பாதுகாப்பு வால்வு திறந்து நீராவி வெளியே போயிருக்கிறது. நம்ம ஊர் ஃபோர்மேன் சொன்னது: "பிரஷர் ஏறுச்சு சார், வால்வு திறந்துக்கிச்சு." நான் அதை ஆங்கிலத்தில் "தி வால்வ் வாஸ் ஓபன்ட்" என்று எழுதினேன். இரண்டு நாளில் ஆடிட்டரிடமிருந்து ஒரே கேள்வி: திறந்தது யார், அவருக்கு அனுமதி இருந்ததா? யாருமே திறக்கவில்லை. அந்த வால்வின் வேலையே அளவு மீறினால் தானாகத் திறப்பதுதான். "தி வால்வ் ஓபன்ட்" என்று எழுதியிருந்தால் அந்தக் கேள்வியே வந்திருக்காது.

ஏன் அப்படி எழுதினேன் என்று யோசித்தால், பள்ளியில் மனப்பாடம் செய்த ஆக்டிவ்-பாஸிவ் பயிற்சிதான் காரணம். எழுவாய் உயிரில்லாத பொருளா, உடனே 'வாஸ்' போடு என்று கை பழகிவிட்டது. ஆனால் ஓபன், பாயில், பிரேக், மெல்ட் போன்ற வினைகள் இரண்டு பக்கமும் வேலை செய்பவை. நான் கதவை ஓபன் செய்யலாம், கதவும் ஓபன் ஆகலாம், சொல் மாறாது. தமிழில் இந்த மாற்றத்தை வினையே காட்டிவிடுகிறது: கண்ணாடி உடைந்தது, நான் உடைத்தேன்; பால் கொதித்தது, நான் கொதிக்க வைத்தேன். அந்தப் பழக்கத்தில்தான் நம் ஆட்கள் பலர் ஆங்கிலத்திலும் "மேட் தி வாட்டர் டு பாயில்" என்று சுற்றி வளைக்கிறார்கள். "பாயில்ட் தி வாட்டர்" போதும். வேடிக்கை என்னவென்றால் 'திற' போன்ற சில வினைகள் ஆங்கிலம் மாதிரியே இரு பக்கமும் ஓடும் (கதவு திறந்தது, கதவைத் திறந்தான்), அதனால்தான் ஃபோர்மேன் 'திறந்துக்கிச்சு' என்று அந்த 'கொள்'ளைச் சேர்த்து, தானாக நடந்தது என்று தெளிவாகச் சொல்லியிருந்தார். நான்தான் அதைக் காதில் வாங்கவில்லை.

சந்தேகம் வந்தால் இப்போது வாக்கியத்தில் 'பை இட்செல்ஃப்' சேர்த்துப் பார்க்கிறேன். "தி வால்வ் ஓபன்ட் பை இட்செல்ஃப்" உட்காரும், "வாஸ் ஓபன்ட் பை இட்செல்ஃப்" இடிக்கும். 'டு ரெட்யூஸ் பிரஷர்' என்று நோக்கத்தைச் சேர்த்தால் நேர்மாறாக, 'வாஸ் ஓபன்ட்' இயல்பாக ஏற்கும், ஏனென்றால் நோக்கம் இருக்க ஒரு ஆள் வேண்டும். ஆனால் ஒன்று, 'ஓபன்ட்' என்று எழுதுவதால் ஆளே இல்லை என்று நிரூபணம் ஆகிவிடாது. ஆளைப் பற்றி அது வாயே திறப்பதில்லை, அவ்வளவுதான்.

அப்புறம் "தி புக் செல்ஸ் வெல்." இதையும் வால்வு கணக்கில் சேர்க்கக் கூடாது. புத்தகம் தன்னைத்தானே விற்காது, விற்பவர் கட்டாயம் இருக்கிறார், ஆனால் அவருக்கு வாக்கியத்தில் இடமில்லை. 'பை தி ஷாப்' என்று ஒட்டினால் உடைந்துவிடும். நன்றாகப் போகும் பெருமையும் புத்தகத்துக்கே. பெரும்பாலும் 'வெல்', 'ஈஸிலி' மாதிரி ஒரு சொல்லோ, 'டஸ்ன்ட்' என்ற மறுப்போ துணைக்கு வேண்டும். ஒரு தடவை நடந்ததைவிட அந்தப் பொருளின் இயல்பைத்தான் பொதுவாகச் சொல்லும். "திஸ் பிரெட் கட்ஸ் ஈஸிலி" சரி, ஆனால் காலையில் நீங்கள் வெட்டியதை "தி பிரெட் கட்" என்று சொல்ல முடியாது. (செல் மட்டும் கொஞ்சம் செல்லப்பிள்ளை, "தி ஹவுஸ் சோல்ட் லாஸ்ட் வீக்" கூடச் சொல்வார்கள்.) "தி புக் இஸ் சோல்ட் வெல்" என்று எழுதுபவர்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன். எங்கே, எப்படி விற்கிறார்கள் என்றால் பாஸிவ் சரி: "டிக்கெட்ஸ் ஆர் சோல்ட் அட் தி கவுண்டர்."

இதில் நமக்கு மிரட்சியே தேவையில்லை. கே.ஆர். மார்க்கெட்டில் "தக்காளி என்ன விலைக்கு விற்குது?" என்று கேட்கும்போது தக்காளி யாரை விற்கிறது? செயப்படுபொருளையே செய்தது போலச் சொல்வதும் வழக்கு என்று தொல்காப்பியம் வினையியலிலேயே இருக்கிறது, உரைகாரர்கள் காட்டும் உதாரணம் 'திண்ணை மெழுகிற்று'. திண்ணை எங்கே மெழுகும், யாரோ மெழுகியதுதான்.

அறிக்கையைத் திருத்தி அனுப்பும்போது வால்வு வரியில் இருந்த 'வாஸ்' போனது. அடுத்த வரி, "தி ஃபீட் பம்ப் வாஸ் ஸ்விட்ச்ட் ஆஃப் பை தி ஆபரேட்டர்", அப்படியே இருந்தது. அதை ஆபரேட்டர்தான் அணைத்தார்.