இளவயதில் ஃப்ளூ: காய்ச்சல் குறைந்தபிறகு மூச்சைக் கவனியுங்கள்

சாதாரண ஃப்ளூ பருவத்தில் இறப்பவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள். 2009-ல் பன்றிக்காய்ச்சல் உலகம் முழுக்கப் பரவியபோது இந்தக் கணக்கு தலைகீழானது. அந்த ஆண்டு ஃப்ளூவால் இறந்தவர்களில் சுமார் 80 சதவீதம் பேர் 65 வயதுக்குக் கீழே இருந்ததாக மதிப்பிடுகிறார்கள். அவர்களில் பலருக்குக் கர்ப்பம், உடல் பருமன், ஆஸ்துமா என்று ஏதாவது ஒரு காரணம் இருந்தது. எந்தக் குறையும் இல்லாத, முந்தின வாரம்வரை வேலைக்குப் போய்வந்த இளைஞர்களும் இருந்தார்கள். நுரையீரல் மருத்துவராக நான் இன்றும் ஃப்ளூ பருவத்தில் அப்படிப்பட்டவர்களைப் பார்க்கிறேன். அவர்கள் உடலில் என்ன நடக்கிறது என்பதை ஒருவரை வைத்துச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வயது 32, பின்னலாடைக் கம்பெனியில் வேலை, சர்க்கரையோ பிரஷரோ கிடையாது. முதல் நாள் 102 டிகிரி காய்ச்சல், உடம்பு முழுக்க அடித்துப்போட்ட மாதிரி வலி, வறட்டு இருமல். மருந்துக் கடையில் செட் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டார். மூன்றாம் நாள் காய்ச்சல் குறைந்தது, சரியாகிவிட்டது என்று வேலைக்கும் போனார். ஐந்தாம் நாள் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கியது. அன்று இரவு படுக்க முடியவில்லை. எங்களிடம் வந்தபோது நிமிடத்துக்கு 32 முறை மூச்சு விட்டுக்கொண்டிருந்தார், ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 91. எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரல்களின் கீழ்ப்பகுதியும் வெள்ளையாக இருந்தது.

வைரஸ் முதலில் மூச்சுக்குழாயின் உள்தோலில் பெருகுகிறது. வைரஸ் நுழைந்த செல் உடனே இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் புரதத்தை வெளியிட வேண்டும். ஃப்ளூ வைரஸிடம் அதை அடக்கிவைக்க ஒரு புரதம் இருக்கிறது. அதனால் முதல் ஒன்றிரண்டு நாட்கள் வைரஸுக்கு இலவசமாகக் கிடைத்துவிடுகின்றன. பெரும்பாலானவர்களுக்கு உடல் சுதாரித்துக்கொண்டு வைரஸை மூக்கு, தொண்டையோடு நிறுத்திவிடும். சிலருக்கு அது நுரையீரலின் காற்றுப்பைகள்வரை இறங்கிவிடுகிறது. தாமதமாக விழித்த எதிர்ப்பு மண்டலம் அப்போது பெரிய அளவு வைரஸைச் சந்திக்கிறது. வெள்ளை அணுக்களும் ரத்தக்குழாயின் உட்சுவர்ச் செல்களும் சைட்டோகைன்களைக் கொட்டுகின்றன. செல்கள் தங்களுக்குள் செய்தி சொல்லிக்கொள்ளப் பயன்படுத்தும் புரதங்கள் அவை. ஒன்று வெளிவந்தால் அது இன்னும் நாலு செல்களை அதையே வெளியிடத் தூண்டும். நிறுத்தச் சொல்லும் சமிக்ஞை வருவதற்குள் அளவு மீறிவிடுகிறது. இதைத்தான் சைட்டோகைன் புயல் என்கிறோம்.

காற்றுப்பைக்கும் ரத்தக்குழாய்க்கும் நடுவில் இருப்பது வெங்காயச் சருகைவிடப் பல மடங்கு மெல்லிய சுவர். அந்த மெல்லிய சுவரைத் தாண்டித்தான் ஆக்சிஜன் ரத்தத்துக்குள் போகிறது. சைட்டோகைன்கள் ரத்தக்குழாய்ச் செல்களின் இணைப்பைத் தளர்த்திவிடுகின்றன. ரத்தத்தின் நீரும் புரதமும் கசிந்து காற்றுப்பைக்குள் நிரம்புகின்றன. எக்ஸ்ரேயில் தெரிந்த வெள்ளை பெரும்பாலும் அந்த நீர்தான். வைரஸ் கொன்ற செல்கள் கொஞ்சம், எதிர்ப்பு மண்டலம் அழித்த செல்கள் கொஞ்சம் என்று உள்ளே குப்பையும் சேர்ந்துவிடும். சைட்டோகைன்கள் ரத்தத்தோடு உடம்பெல்லாம் போவதால் பிரஷர் இறங்குவதும் சிறுநீரகம் சோர்வதும் கூடவே வரும். இவருக்கும் மருத்துவமனையில் சேர்ந்த இரண்டாம் நாள், சிறுநீரகச் சோர்வைக் காட்டும் கிரியாட்டினின் ஏறியது.

சரி, இளைஞர்களுக்கு ஏன்? உறுதியான ஒற்றைப் பதில் கிடையாது. 2009-ல் இறந்த நடுவயதினரின் நுரையீரலை ஆராய்ந்தபோது முக்கியமான ஒரு தடயம் கிடைத்தது. முந்தைய ஃப்ளூக்களால் அவர்களிடம் எதிர்ப்புப் பொருட்கள் இருந்தன, ஆனால் அவை புதிய வைரஸைப் பிடித்தனவே தவிர முடக்கவில்லை. வைரஸும் எதிர்ப்புப் பொருளும் ஒட்டிய அந்தக் கட்டிகள் நுரையீரலில் படிந்து வீக்கத்தைக் கூட்டியிருந்தன. வயதானவர்கள் பலர் தப்பியதற்கும் காரணம் உண்டு. 1957-க்கு முன்னால் சுற்றிக்கொண்டிருந்த, பன்றிக்காய்ச்சல் வைரஸுக்கு உறவான H1N1 வகையைச் சிறுவயதில் சந்தித்திருந்தார்கள். அவர்களிடம் இருந்த எதிர்ப்புப் பொருள் வேலை செய்தது. சிலருக்கு வைரஸ் செல்லுக்குள் நுழைவதைத் தடுக்கும் மரபணுவிலேயே பலவீனம் இருக்கிறது. வெளியே பார்த்தால் அவர்கள் முழு ஆரோக்கியமானவர்கள்தான்.

எதிர்ப்புச் சக்தி அதிகமாக இருப்பதால்தான் இது வருகிறது என்று சிலர் எழுதுகிறார்கள். அது பாதிதான் உண்மை. புயலுக்கு எரிபொருள் வைரஸ்தான். ஆரம்பத்தில் எதிர்ப்பு சரியாகக் கிளம்பாமல் வைரஸ் பெருகிவிடுவதும் இதில் சேர்த்தி. எல்லா மரணத்துக்கும் புயல் காரணமும் அல்ல. 1918-ல் இளைஞர்கள் ஏராளமாக இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோரின் நுரையீரலில் பாக்டீரியா நிமோனியா சேர்ந்திருந்தது. அதனால்தான் மோசமான ஃப்ளூ நோயாளிக்குச் சளிப் பரிசோதனையும் தேவைப்பட்டால் ஆன்டிபயாடிக்கும் கொடுக்கிறோம்.

செட் மாத்திரையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அதில் பல இடங்களில் ஒரு ஸ்டீராய்டு மாத்திரையும் இருக்கும். காய்ச்சலும் வலியும் சட்டென்று குறையும், ஆனால் வைரஸ் குறையாது. கோவிட்டில் ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களுக்கு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு உயிர் காத்தது, அதனால் புயலென்றாலே ஸ்டீராய்டு என்ற எண்ணம் பரவிவிட்டது. ஃப்ளூவில் ஸ்டீராய்டு பெற்றவர்களிடையே இறப்பு கூடுதலாக இருந்ததாகவே பல ஆய்வுகள் காட்டின. மோசமானவர்களுக்குத்தான் அது அதிகம் கொடுக்கப்பட்டிருக்கும் என்பதால் அந்த ஆய்வுகளை முழுச் சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது. இருந்தாலும் வைரஸ் நீங்கத் தாமதமாவது, பூஞ்சை, பாக்டீரியா தொற்று சேர்வது போன்ற பயம் நியாயமானது. ஆஸ்துமா போன்ற வேறு காரணம் இருந்தால் மட்டுமே நாங்கள் ஸ்டீராய்டைத் தொடுகிறோம்.

இவருக்கு மூக்குச் சளியில் H1N1 உறுதியானது. முடிவுக்குக் காத்திருக்காமல் வந்தவுடனேயே ஃப்ளூ வைரஸுக்கான மருந்து ஓசெல்டமிவிர் 75 மில்லிகிராம், ஒரு நாளைக்கு இரண்டு வேளை தொடங்கியிருந்தோம். அறிகுறி தோன்றி 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் அதிகப் பலன், ஆனால் நோய் முற்றியவர்களுக்குத் தாமதமானாலும் கொடுப்பதுதான் சரி. மறுநாள் வென்டிலேட்டர் தேவைப்பட்டது. அவரைப் போல 170 சென்டிமீட்டர் உயரமுள்ள ஆணுக்கு, உயரத்தை வைத்துக் கணக்கிடும் எடை 66 கிலோ. கிலோவுக்கு 6 மில்லிலிட்டர் என்று ஒரு மூச்சுக்குச் சுமார் 400 மில்லிலிட்டர்தான் கொடுத்தோம். வீங்கிய நுரையீரலுக்குள் பெரிய மூச்சைத் தள்ளினால் நல்ல காற்றுப்பைகளும் கிழியும். நாளுக்கு 16 மணி நேரம் குப்புறப் படுக்கவைத்தோம். முதுகுப் பக்கம் அழுந்திக்கிடந்த பகுதிகள் திறந்ததும் ஆக்சிஜன் ஏறியது. ஒன்பதாம் நாள் குழாயை எடுத்தோம். பழையபடி படியேற அவருக்கு மூன்று மாதங்களுக்கு மேல் ஆனது.

இளைஞர்களிடம் ஏமாற்றுவது என்னவென்றால், நுரையீரல் பாதி நிரம்பிய பிறகும் மூச்சை வேகப்படுத்தி ஆக்சிஜன் அளவை 95-ல் நிறுத்திவைப்பார்கள். அதனால் விரல்மாட்டி ஆக்சிமீட்டர் காட்டும் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். நோயாளிக்குத் தெரியாமல் நெஞ்சு ஏறி இறங்குவதை முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். ஓய்வில் 24-ஐத் தாண்டினால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள், 30 என்றால் உடனே மருத்துவமனை. எண்ணிக்கை சரியாக இருந்தால், வீட்டுக்குள் சில நிமிடங்கள் சாதாரணமாக நடக்கவைத்து விரல்மாட்டியைப் பாருங்கள். 94-க்குக் கீழே போனால், காய்ச்சல் விட்டிருந்தாலும் காத்திருக்காதீர்கள். நெஞ்சுவலி, சளியில் ரத்தம், அசாதாரணத் தூக்கம், தலைசுற்றல், நகம் நீலமாவது, குறைந்த காய்ச்சல் திரும்ப ஏறுவது ஆகியவையும் அதே கணக்குத்தான். கர்ப்பிணிகள் இவற்றில் எதற்கும் காத்திருக்க வேண்டாம், ஃப்ளூ என்று சந்தேகம் வந்த அன்றே மருத்துவரைப் பார்த்து ஓசெல்டமிவிரைத் தொடங்குவது நல்லது.