கிருஷ்ணகிரி மாங்கூழுக்கு என்ன பெயர் வைப்பது?

கிருஷ்ணகிரி பக்கம் மாங்கூழ் ஆலை தொடங்கவிருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “கிருஷ்ணகிரி மேங்கோ பல்ப் என்று நேரடியாகவே வைக்கலாமா, அல்லது அர்த்தமே இல்லாத புதுச் சொல்லாகப் பார்க்கலாமா?”

நிறுவனப் பெயர்களைப் பொதுவாக மூன்றாகப் பிரிக்கலாம். ஸ்டேட் பாங்க் ஆஃப் இந்தியா போல, செய்யும் வேலையை அப்படியே சொல்பவை ஒரு வகை. 1888-ல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் உருவாக்கிய ‘கோடாக்’ போல, எந்த அகராதியிலும் இல்லாதவை இன்னொன்று. அமேசான் மூன்றாவது வகை: விற்கும் பொருளைச் சொல்லாது, ஆனால் கேட்டதும் ஒரு பேராறு கண்முன் வரும்.

இவற்றின் வேறுபாடு நம் நினைவு வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது. ‘மேங்கோ பல்ப்’ என்று கேட்டதும் மனதில் ஏற்கெனவே இருக்கும் மாம்பழ முடிச்சில் அந்தப் பெயர் போய் ஒட்டிக்கொள்கிறது. அறிமுகச் செலவு குறைவு. ஆனால் அதே முடிச்சில் இன்னும் நூறு பேர் ஒட்டியிருப்பார்கள், பிறகு அங்கிருந்து பெயரைப் பிரித்தெடுப்பதும் கடினம். கெல்லர், ஹெக்லர், ஹூஸ்டன் ஆகியோர் 1998-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. பெயர் சுட்டும் சிறப்பையே விளம்பரமும் சொன்னால் நன்றாக நினைவில் நிற்கிறது. பின்னாளில் அதோடு தொடர்பில்லாத வேறொரு சிறப்பைச் சொன்னாலோ, எதையும் சுட்டாத பெயரை விடக் குறைவாகவே நினைவில் நிற்கிறது. பழைய பொருள் புதியதை உள்ளே விடுவதில்லை.

ஓசூரில் இதற்குக் கண்கூடான உதாரணம் இருக்கிறது. 1984-ல் பதிவானபோது அந்த நிறுவனம் ‘டைட்டன் வாட்சஸ்’. 1993-ல் ‘டைட்டன் இண்டஸ்ட்ரீஸ்’, 2013-ல் ‘டைட்டன் கம்பெனி’. கடிகாரத்தைத் தாண்டி நகை, கண்ணாடி என்று வளர்ந்தபோது வேலையைச் சொன்ன வால் கழன்றது, தலை நின்றது. டாட்டா இண்டஸ்ட்ரீஸ், தமிழ்நாடு ஆகியவற்றின் ஆங்கில எழுத்துகளைச் சேர்த்துக் கட்டிய பெயர் அது. கேட்பவருக்கோ கிரேக்கப் புராணத்தின் பேருருவத் தெய்வங்கள் நினைவுக்கு வருகிறார்கள்.

இனி மாங்கூழுக்கு வருவோம். வரத்து பெரும்பாலும் மே முதல் ஜூலை வரைதான். மற்ற மாதங்களில் அதே இயந்திரத்தில் கொய்யாவும் பப்பாளியும் ஓட்ட நினைத்தால், பெயரிலுள்ள ‘மேங்கோ’ குறுக்கே நிற்கும். மாங்கூழை மட்டும் டிரம்மில் அடைத்து இறக்குமதியாளருக்கு அனுப்புவதாக இருந்தால் நேரடிப் பெயரே போதும். அவர் பார்ப்பது கூழின் இனிப்பைக் காட்டும் பிரிக்ஸ் அளவு, விலை, சான்றிதழ். போர்வெல், பஞ்சர் கடைக்கும் இதே கணக்குதான்: தேவை வரும்போது வேலையின் பெயரைச் சொல்லித்தான் தேடுவார்கள்.

கடை அலமாரியில் பாட்டிலாக நிற்க வேண்டுமென்றால் கதை வேறு. 1999-ம் ஆண்டு வணிகக் குறிச் சட்டத்தின் 9-வது பிரிவு, பொருளின் வகை, தரம், விளையும் ஊர் ஆகியவற்றை மட்டும் சொல்லும் பெயரைப் பதிவு செய்ய மறுக்கிறது. நீண்ட காலப் பயன்பாட்டால் அது தனித்த அடையாளம் பெற்றிருந்தால் விலக்கு உண்டு. ‘கிருஷ்ணகிரி’யும் ‘மேங்கோ’வும் இரண்டுமே இதில் மாட்டும். ‘கிளிமூக்கு’ என்று வைத்தால்? காதுக்குக் கவிதை போல இருக்கிறது. ஆனால் தோத்தாபுரி மாங்காய்க்குத் தமிழில் அதுதான் பெயர், ஆகவே அதுவும் வெறும் வகைப் பெயரே. மாறாக ‘வைக்கோல்’ என்று வைத்துப் பாருங்கள். பழுக்கப் போட்ட மாங்காயின் மணம் நம்மூர்க்காரருக்கு உடனே வரும், சட்டமும் தடுக்க வாய்ப்பு குறைவு. துபாய்க் கடைக்காரருக்கு அது வெறும் ஓசை. படம் காட்டும் பெயர், அந்தப் படம் தெரிந்தவர்களிடம்தான் வேலை செய்யும்.

புதுச் சொல்லுக்குத் தமிழ் எழுத்து ஒரு பொறி வைத்திருக்கிறது. ‘பகடோ’ என்று தமிழில் பலகை வைத்தால் ஒருவர் Pagado என்று தேடுவார், இன்னொருவர் Bagado, மற்றொருவர் Pakado. க, ச, ட, த, ப ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட எழுத்து உண்டு. ம, ன, ல, ர, ய கொண்ட ‘லமினோ’ போன்ற சொல்லில் அந்தக் குழப்பம் குறைவு. பெயரைப் பத்துப் பேரிடம் போனில் சொல்லி ஆங்கிலத்தில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். மூன்று பேர் வேறு மாதிரி எழுதினால் விட்டுவிடுங்கள்.

எண்கணிதக்காரர் சொல்லைக் கேட்டுக் கூடுதலாக ஒரு A சேர்ப்பது வீண் மட்டுமல்ல, கெடுதல். தேடுபவர் வழி தவறுவார். வணிகக் குறி ஒப்பீட்டில் ஒலியையும் பார்ப்பதால், அந்த எழுத்து உங்களை எந்தப் போட்டியாளரிடமிருந்தும் பிரித்துக் காட்டாது.

வாசகருக்கு என் யோசனை: தலையில் புதுச் சொல், வாலில் ‘ஃப்ரூட் பல்ப்’. நாளை வாலை மாற்றிக்கொள்ளலாம். கூழுக்கு 29, பழச்சாறுக்கு 32 என்று இரு வகுப்புகளிலும் வணிகக் குறிப் பதிவேட்டில் எழுத்தாகவும் ஒலியாகவும் முதலில் தேடுங்கள். அதன் பிறகே நிறுவனப் பதிவுக்கான SPICe+ படிவத்தின் முதல் பகுதியில் நிறுவனப் பெயரைக் கேளுங்கள். அங்கே ஒப்புதல் கிடைத்தால் பெயர் 20 நாட்களுக்கு உங்களுக்காக ஒதுக்கப்படும். பாட்டிலில் ஒட்டும் உரிமை அதில் வராது, அதற்குத் தனியாக TM-A என்ற வணிகக் குறி விண்ணப்பம் போட வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்து லேபிள் அச்சடித்த பிறகுதான் பலருக்கு எதிர்ப்பு நோட்டீஸ் வருகிறது.