வார்டை ஒப்படைக்கக் கோப்பு எண் மட்டும் போதாது

நகராட்சி வார்டைப் பார்க்கும் அலுவலருக்கு மாறுதல் ஆணை வந்ததும் தன்பதிவேட்டைப் புரட்டி, நிலுவைக் கோப்புகளின் எண்களை எழுதி, எல்லாவற்றுக்கும் எதிரே ‘நடவடிக்கையில் உள்ளது’ என்று போட்டுப் போகிறவரும் வருகிறவரும் கையெழுத்திட்டால் பொறுப்பு கைமாறிவிட்டதாம். இந்த மாதமும் அப்படி ஒரு பட்டியல் பார்வைக்கு வந்தது. கோப்பு எண்ணைப் பிரிவு எழுத்தரே எடுத்துக் கொடுத்துவிடுவார், ஐயா. எந்தக் கோப்பில் கெடு ஓடிக்கொண்டிருக்கிறது என்பதுதான் புதிதாக வருபவருக்குத் தெரியாது.

ஒரு சாலைப் பணியை எடுத்துக்கொள்வோம். வேலை முடிந்து பில் பாஸாகிவிட்டது. குறைபாட்டுப் பொறுப்புக் காலத்திலேயே மழையில் தார் பெயர்ந்தது. கடிதம் போட்டும் ஒப்பந்ததாரர் வரவில்லை. அவருடைய காப்புத்தொகை வங்கி உத்தரவாதமாக இருக்கிறது, மார்ச் 31-ல் முடிகிறது. உத்தரவாதத்தில் சொன்ன கெடுவுக்குள் எழுத்துமூலம் கோராவிட்டால் வங்கி கைவிரித்துவிடும். பிறகு அந்தத் தெருவுக்கு நகராட்சிப் பணம்தான். ஆகவே குறிப்பு இப்படி இருக்கட்டும்: “3-வது குறுக்குத் தெரு முனையில் 12 மீட்டர் பெயர்ந்துள்ளது. ஒப்பந்ததாரருக்கு இரண்டு கடிதங்கள், ஒப்புகை அட்டை கோப்பில். உத்தரவாத அசல் கணக்குப் பிரிவில். நீட்டிப்பு, இல்லையேல் பணம் என்று வங்கிக்கு எழுத மார்ச் 10-க்குள் கோப்பை மேலே அனுப்பவும்.” ஆணையர் கையெழுத்துவரை கோப்பு ஏறி இறங்கத்தான் அந்த மூன்று வாரம்.

தகவல் உரிமை மனுவிலும் இதே கதைதான். அதிகாரி மாறினால் 30 நாள் புதிதாகத் தொடங்கும் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தொடங்காது! மனு அலுவலகத்துக்கு வந்த நாளிலிருந்துதான் கணக்கு. தக்க காரணமின்றித் தாமதித்தால் நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 வரை அபராதம். அதுவும் பொறுப்பான அலுவலரின் சொந்தப் பணம். பொதுத் தகவல் அலுவலர் உங்களிடம் விவரம் கேட்டிருந்தால் அந்தப் பொறுப்பு உங்கள் தலையிலும் விழலாம். மனு வந்த தேதியையும் பதில் தர வேண்டிய கடைசித் தேதியையும் சேர்த்தே எழுதுங்கள்.

வாய்வார்த்தையாகக் கொடுத்த வாக்குகளைப் பலர் எழுதவே கூச்சப்படுகிறார்கள். “கால்வாய் மூடி போட்டுத் தருவதாகப் போனவர் சொன்னாரே” என்று ஜனங்கள் வந்து நிற்கும்போது புதியவர் விழிப்பார். எந்தத் தெரு, யாரிடம், என்ன சொன்னீர்கள், மதிப்பீடு ஒப்புதல் ஆனதா, நிதி உண்டா என்று நாலு வரி போதும். நிதி இல்லாமல் சொன்ன வாக்கு என்றால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

பாதியில் நிற்கும் வேலையை இருவரும் சேர்ந்து அளந்து, அளவுப் புத்தகமான எம்-புக்கில் பதிந்த பிறகே விடுபடுங்கள். மண் மூடிய அஸ்திவாரத்தைப் பின்னால் வருபவர் எதை வைத்து அளப்பார்?

பொறுப்பேற்பவருக்கும் ஒரு வார்த்தை. கண்ணால் பார்க்காத கோப்புக்கு எதிரே ‘பெறவில்லை’ என்று எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். போகிறவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.