விருந்துக்குப் பின் ஓமத்தண்ணி, மொச்சைக்குப் பெருங்காயம்: எது, எங்கே, எவ்வளவு வேலை செய்கிறது?

காரைக்குடிப் பக்கம் கல்யாண விருந்து முடிந்து முற்றத்துத் திண்ணையில் சாயும்போது, "ஆச்சி, வயிறு கனமா இருந்தா ஒரு வாய் ஓமத்தண்ணி குடிங்களேன்" என்று யாராவது சொல்வது வழக்கம். அதே வீட்டு அடுப்படியில் மொச்சை போட்ட மண்டிக்குப் பெருங்காயம் விழாமல் இருக்காது. இரண்டையும் "வாய்வுக்கு நல்லது" என்ற ஒரே வார்த்தையில் அடக்கிவிடுகிறோம். ஆனால் கனம், பிடிப்பு, வாய்வு மூன்றும் குடலின் வெவ்வேறு இடங்களில் வருபவை. எந்தச் சரக்கு எங்கே போய்ச் சேர்கிறது என்று தெரிந்தால், எதற்கு எதைக் கொடுப்பது என்பதும் தெளியும்.

முதலில் ஓமம். அதன் மணம் தைமால் என்ற பொருளால் வருவது. நல்ல ஓமத்தில் நூற்றுக்கு 2 முதல் 4 பங்கு எண்ணெய் இருக்கும். அந்த எண்ணெயில் ஏறத்தாழ பாதி தைமால். ஒரு தேக்கரண்டி ஓமம் சுமார் 2 கிராம். எண்ணெய் 3 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 60 மில்லிகிராம் எண்ணெய், அதில் 30 மில்லிகிராம் தைமால். தைமால் தண்ணீரில் சரியாகக் கரையாது என்பார்கள். உண்மைதான், ஒரு லிட்டருக்குச் சுமார் 1 கிராம்தான் கரையும். ஆனால் ஒரு தம்ளர், அதாவது 200 மில்லி தண்ணீர், 200 மில்லிகிராம் வரை தாங்கும். நம் கையில் இருப்பதோ 30. ஆகவே ஓமத்தண்ணியில் சத்து இறங்காமல் போவதற்குக் கரையாமை காரணம் அல்ல. காரணம் ஆவி.

தைமாலின் கொதிநிலை 230 டிகிரிக்கு மேல் இருந்தாலும், கொதிக்கும் தண்ணீரின் ஆவியோடு சேர்ந்து அது வெளியேறிவிடும். கடைகளில் விற்கும் ஓம வாட்டர் இந்தக் குணத்தை வைத்துத்தான் வாலையில் வடித்து எடுக்கப்படுகிறது. திறந்த பாத்திரத்தில் ஓமத்தைப் போட்டுத் தண்ணீர் பாதியாக வற்றும்வரை காய்ச்சுகிறவர்கள், வீடு முழுக்க மணக்கிறதே என்று மகிழ்கிறார்கள். வீட்டில் மணப்பது தம்ளரில் இல்லை. வற்றக் காய்ச்சிய தண்ணீரில் கசப்பும் பழுப்பு நிறமும் மிஞ்சும்.

இன்னொரு தவறு, முழு ஓமத்தை அப்படியே போடுவது. எண்ணெய், விதையின் தோலுக்குள் ஓடும் நுண்ணிய குழாய்களில் அடைந்து கிடக்கிறது. அது உடைய வேண்டும். ஒரு தேக்கரண்டி ஓமத்தை வெறும் சட்டியில் கை பொறுக்கும் சூட்டில் அரை நிமிடம் மட்டும் புரட்டி, உடனே அம்மியிலோ சிறு உரலிலோ ஒன்றிரண்டாகப் பொடியுங்கள். 200 மில்லி தண்ணீரைத் தனியே கொதிக்கவைத்து இறக்கி, பொடித்த ஓமத்தைப் போட்டு, பொருத்தமான மூடியால் மூடி 10 நிமிடம் விடுங்கள். திறக்கும்போது மூடியின் உட்புறத்தில் முத்துமுத்தாக நீர் நிற்கும். முகர்ந்து பாருங்கள், மணம் அங்கேதான் அதிகம். அதைத் துடைத்துவிடாமல் பாத்திரத்திலேயே வடியவிட்டு, பிறகு வடிகட்டுங்கள். நல்ல ஓமத்தண்ணி நாக்கின் நுனியில் லேசான மரமரப்பும் தொண்டையில் சிறு உறைப்பும் தரும். அது இல்லையென்றால் ஓமம் பழசு, அல்லது மூடி சரியாக மூடவில்லை.

சரி, குடித்தால் என்ன ஆகிறது? ஆய்வகத்தில் முயல், கினிப்பன்றி ஆகியவற்றின் குடல், இரைப்பைத் தசைத் துண்டுகளை இறுகவைத்து, ஓமச் சாற்றையோ தைமாலையோ சேர்த்தால் தசை தளர்கிறது. தசைக்குள் கால்சியம் நுழைவது குறைவதுதான் இதன் வழி என்று அந்தச் சோதனைகள் காட்டுகின்றன. மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தில், எலிகளின் தீனியில் பல சமையல் சரக்குகளைக் கலந்து வாரக்கணக்கில் கொடுத்துப் பார்த்தார்கள். பித்தநீரையோ கணையத்தின் செரிமான நொதிகளையோ கூட்டிய சரக்குகளின் வரிசையில் ஓமமும் பெருங்காயமும் உண்டு. இவை நம்பத்தக்க வேலைகள். ஆனால் எலிக்கும் தசைத் துண்டுக்கும் கிடைத்த அளவு, ஒரு தம்ளர் ஓமத்தண்ணியில் நமக்குக் கிடைக்கும் அளவு அல்ல. செரிமானக் கோளாறுள்ள மனிதர்களிடம் ஓமத்தை மட்டும் வைத்து முறையாக நடந்த சோதனைகள் மிகக் குறைவு.

மனித உடலில் தைமால் எப்படி நடந்துகொள்கிறது என்பதற்கு மட்டும் தெளிவான தகவல் ஒன்று உண்டு. தைமால் உள்ள மூலிகை மாத்திரையைக் கொடுத்து இரத்தத்தைப் பார்த்தபோது, தனித் தைமால் அகப்படவில்லை. அது சல்பேட்டாக மாறிய நிலையில்தான் இருந்தது. அதாவது குடலின் மேற்பகுதியிலேயே விரைவாக உறிஞ்சப்பட்டு, உடலால் மாற்றப்பட்டுவிடுகிறது. இதிலிருந்து நாங்கள் எடுத்துக்கொள்ளும் முடிவு: ஓமத்தண்ணி ஏதாவது செய்தால், அது இரைப்பையிலும் சிறுகுடலின் தொடக்கத்திலும்தான். விருந்துக்குப் பிறகு வரும் கனத்துக்கும் மேல்வயிற்றுப் பிடிப்புக்கும் அது பொருத்தம். பெருங்குடலில் உண்டாகும் வாய்வைப் போய்ப் பிடிக்க, அதற்குள் அதில் தைமால் மிச்சமிருக்காது.

வாய்வு எங்கே உண்டாகிறது என்பதற்கு மொச்சையையே எடுத்துக்கொள்வோம். மொச்சை, தட்டைப்பயறு, துவரை எல்லாவற்றிலும் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகள் இருக்கின்றன. இவற்றை உடைக்கும் நொதி மனிதனின் சிறுகுடலில் கிடையாது. அப்படியே பெருங்குடலுக்குப் போகின்றன, அங்கே கிருமிகள் நொதிக்கவைக்க, வாயு வருகிறது. பெருங்காயமும் இந்தச் சர்க்கரைகளை உடைப்பதில்லை. இதைச் சொன்னால் வருத்தப்படுகிறவர்கள் உண்டு. ஆனால் தாளிப்பில் ஒரு சிட்டிகை கூடுதலாகப் போட்டு, மொச்சையை ஊறவைக்காமல் குக்கரில் ஏற்றுகிறவர்களுக்கு இது தெரிந்தே ஆகவேண்டும்.

மண்டி செய்யும் வீட்டுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. மண்டியின் நீர், அரிசி களைந்த கழுநீர். மொச்சை வேகவைத்த தண்ணீர் அதற்குத் தேவையில்லை. 200 கிராம் காய்ந்த மொச்சையை ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டுங்கள். புதுத் தண்ணீரில் வேகவைத்து அதையும் வடித்துவிடுங்கள். அந்தச் சர்க்கரைகள் தண்ணீரில் கரைபவை, கணிசமான பங்கு வடிநீரோடு போய்விடும். "சத்து போகுதே" என்று வேகவைத்த நீரைக் குழம்பிலேயே சேர்ப்பவர்கள், வாய்வையும் சேர்த்தே ஊற்றுகிறார்கள்.

இனி பெருங்காயத்தின் கணக்கு. ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கத்து மலைச்செடி ஒன்றின் வேரைக் கீறி எடுக்கும் பால் உறைந்த பிசின் அது. இந்தியாவில் முறையாகப் பயிரிடும் முயற்சியே 2020 அக்டோபரில்தான் இமாசலத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் தொடங்கியது. அதன் நாற்றத்துக்குக் காரணம் கந்தகச் சேர்மங்கள். அவற்றில் முதன்மையானது பியூட்டைல் புரோப்பினைல் டைசல்பைடு, பூண்டு, வெங்காயத்து மணப்பொருள்களுக்கு உறவுக்காரச் சேர்மம். இவை எண்ணெயில் நன்றாகக் கரையும், சூட்டில் எளிதில் பறக்கும். அதனால்தான் தாளிப்பில் எண்ணெயோடு சேர்க்கிறோம். எண்ணெய் புகையத் தொடங்கியபின் போட்டால் மணம் காற்றோடு போய், கருகல் வாடைதான் மிஞ்சும். கடுகு வெடித்து முடிந்ததும் அடுப்பைத் தணித்துப் போட்டு, ஐந்தாறு நொடியில் குழம்பில் கொட்டிவிடுவது நல்லது.

டப்பாவில் இருப்பது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். பிசினோடு கோந்தும் கோதுமை அல்லது அரிசி மாவும் கலந்தது. நம் உணவுத் தர விதிப்படி அதில் சாராயத்தில் கரையும் பங்கு குறைந்தது 5 சதவீதம் இருந்தால் போதும். ஆறு பேருக்கான சாம்பாரில் ஒரு பெரிய சிட்டிகை, அதாவது கால் கிராம் போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஐந்தில் ஒரு பங்கு பிசின் என்று தாராளமாக எடுத்தாலும் 50 மில்லிகிராம். ஆளுக்கு 8 மில்லிகிராம் பிசின் வரும். அதில் கந்தகம் சேர்ந்த எண்ணெய் பத்தில் ஒரு பங்கு என்றால், ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு.

இதோடு ஒப்பிட, மனிதர்களிடம் நடந்த சோதனை ஒன்று 2018-ல் வெளியானது. காரணம் பிடிபடாத செரிமானக் கோளாறு உள்ள 43 பேரில் ஒரு பகுதியினருக்குப் பெருங்காயச் சாறு அடங்கிய தயாரிப்பை 250 மில்லிகிராம் வீதம் தினம் இரண்டு வேளை, 30 நாள் கொடுத்தார்கள். மற்றவர்களுக்குப் போலி மாத்திரை. பெருங்காயம் எடுத்தவர்களுக்கு உப்புசம், நெஞ்செரிச்சல், சாப்பிட்டதும் வயிறு நிறைந்துபோன உணர்வு ஆகியவை தெளிவாகக் குறைந்தன. நம்பிக்கை தரும் முடிவுதான். ஆனால் சிறிய குழு, ஒரு மாதம், தனியாகத் தயாரித்த சரக்கு. சாம்பாரில் ஆளுக்குக் கிடைக்கும் அளவு அதற்குப் பக்கத்திலேயே வராது. சாம்பாருக்குப் பெருங்காயம் போடுவது ருசிக்காக. மருந்தாக எண்ணி அளவைக் கூட்டினால் சாம்பார் கசக்கும்.

மாவு கலந்திருப்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய் உள்ளவர்கள் வீட்டில் எல்லா உணவையும் மாற்றிவிட்டு, பெருங்காய டப்பாவை மறந்துவிடுகிறார்கள். உட்பொருள் பட்டியலில் கோதுமை, மைதா இருக்கிறதா என்று பாருங்கள். அரிசி மாவு கலந்தது கிடைக்கிறது. மாவே கலக்காத பெருங்காயம் என்று கேட்டும் வாங்கலாம்.

கைக்குழந்தைக்குப் பெருங்காயத்தை உரசி வாயில் கொடுக்கவே கூடாது. வயிற்று வலிக்காகப் பெருங்காயம் கலந்த மருந்து கொடுக்கப்பட்ட 5 வாரக் குழந்தைக்கு, இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகும் மெத்திமோகுளோபின் கோளாறு வந்ததை 1984-ல் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இளங்குழந்தையின் சிவப்பணுக்களுக்கு இந்த வகைச் சேதத்தைச் சரிசெய்யும் திறன் இன்னும் வளர்ந்திருக்காது. உதடும் நகமும் நீலம் பூத்தால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

நாட்டு மருந்துக் கடையில் படிகமாகக் கிடைக்கும் ஓம உப்பு, ஏறக்குறைய தனித் தைமால். அதை ஓமம்போல் அள்ளக்கூடாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொக்கிப்புழுவை ஒழிக்கத் தைமாலைக் கிராம் கணக்கில் கொடுத்தார்கள். எண்ணெயோ மதுவோ சேர்ந்தால் அதிகமாக உறிஞ்சப்பட்டு விஷமாகும் என்பதால், இரண்டையும் தவிர்க்கச் சொன்னார்கள், அப்படியும் உயிரிழப்புகள் நேர்ந்தன. ஓம உப்பு, பச்சைக் கற்பூரம், புதினா உப்பு மூன்றையும் சேர்த்தால் தண்ணீர் இல்லாமலே திரவமாகும் கலவை ஒன்றும் வீடுகளில் இருக்கிறது. அதை ஓம வாட்டர் என்று நினைத்துச் சிறு குழந்தைக்குக் கொடுத்தால் கற்பூரமே வலிப்பை உண்டாக்கும். புட்டியில் பெயர் எழுதி, உயரத்தில் வையுங்கள்.

வயிற்றுப் புண், நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு ஓமத்தண்ணி எரிச்சலைக் கூட்டலாம். கர்ப்பிணிகளும் இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும் சமையல் அளவோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

எங்களை அதிகம் கவலைப்படுத்துவது மேல்வயிற்றில் வரும் ஒரு வலி. விருந்து முடிந்து பெரியவர் ஒருவர் நெஞ்சுக்குக் கீழே அடைக்கிறது என்கிறார். வாய்வுப் பிடிப்பு என்று ஓமத்தண்ணி கொடுக்கிறார்கள், ஏப்பம் வருகிறது, சற்று ஆறுதல் போலத் தெரிகிறது, இன்னொரு தம்ளர் போடுகிறார்கள். மாரடைப்பும் இப்படித்தான் தொடங்கும், சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே இல்லாமல் வெறும் அடைப்பாகவும் வரும். வியர்வை, மூச்சு வாங்கல், தாடைக்கோ தோளுக்கோ இடது கைக்கோ பரவும் வலி, இவற்றில் ஒன்று இருந்தாலும் அடுப்பைப் பற்றவைக்க வேண்டாம், 108-ஐ அழையுங்கள்.