கொலுசு எந்தத் திரையில் சிலம்பாகிறது? விளையாட்டுத் தமிழாக்கத்தில் சொல் நழுவும் இடங்கள்

சிறிய வீடியோ விளையாட்டு நிறுவனங்கள் பல நேரம் உரைக் கோப்பைத் தருவதில்லை. ஸ்கிரீன்ஷாட்டுகள் நிறைந்த ஒரு ஃபோல்டரை அனுப்பி, "இதில் இருப்பதைத் தமிழில் கொடுங்கள்" என்கிறார்கள். மொழிபெயர்க்கும் நாமும் மெனு ஒருவருக்கு, பொருள் விவரம் ஒருவருக்கு, வசனம் ஒருவருக்கு என்று பிரித்துக்கொள்கிறோம். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. ஆடுபவருக்கு அந்த மூன்றும் ஒரே திரையில், சில நொடி இடைவெளியில் கண்ணில் படும்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு கற்பனை விளையாட்டை வைத்துக்கொள்வோம். ஏற்காட்டுப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் நடக்கும் துப்பறியும் கதை, எழுதியிருப்பது ஆங்கிலத்தில். பையைத் திறந்தால் Silver Anklet என்று ஒரு பொருள். அதைத் தொட்டால் வரும் விவரம்: "An old silver anklet. One bell is missing." பிறகு காவல்காரர் சொல்கிறார், காய வைக்கும் களத்தில் சின்னதாக ஒரு bell கிடந்தது என்று. இரண்டையும் முடிச்சுப் போட்டால்தான் கதை நகரும்.

மூன்று பேர் மூன்று விதமாகச் செய்தால் பையில் "வெள்ளிக் கொலுசு", விவரத்தில் "பழைய வெள்ளிச் சிலம்பு. ஒரு மணி இல்லை", வசனத்தில் "களத்துல ஒரு சலங்கை கெடந்துச்சு" என்று வரும். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வாங்கிப் பழகியவருக்குக்கூட, சிலம்பில் காணாமல் போன மணியும் களத்தில் கிடந்த சலங்கையும் ஒன்றுதான் என்று தோன்றாது. எஸ்டேட்டில் ஆள் கூப்பிட அடிக்கும் மணியும் அதே கதையில் வந்தால், ஆடுபவர் நேராக அந்த மணியைத் தேடிப் போவார். வரிக்கு வரி பார்த்தால் மொழிபெயர்ப்பில் பெரிய பிழை இல்லை. ஆனால் புதிர் செத்துவிட்டது.

ஆகவே வேலை மொழிபெயர்ப்பில் தொடங்கக் கூடாது, அட்டவணையில் தொடங்க வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் எண் கொடுத்து, அதில் உள்ள எழுத்தைக் கையால் தட்டச்சு செய்து, ஒரு வரிக்கு ஒரு வரிசையாக ஏற்றுங்கள். (கட்டம் கட்டமான பழைய விளையாட்டு எழுத்துருக்களை, படத்திலிருந்து எழுத்தைப் பிரிக்கும் செயலிகள் எளிதில் தவறாகப் படிக்கும். அதைத் திருத்தும் நேரத்தில் தட்டச்சே செய்துவிடலாம்.) தேவையான பத்திகள் அதிகமில்லை: பட எண், இடம், ஆங்கிலம், தமிழ், பேசுபவர், கேட்பவர். இடம் என்பதில் பொத்தானா, பொருள் பெயரா, விவரமா, வசனமா என்று எழுதுங்கள். எல்லாப் படமும் ஏறிய பிறகு பொருள் பெயர்களை மட்டும் தனியாக ஒரு சொல் தாளுக்கு எடுத்து, முதலில் அவற்றை முடிவு செய்யுங்கள். விவரமும் வசனமும் அந்தப் பெயர்களைத்தான் தூக்கிச் சுமக்கப் போகின்றன.

பெயரை முடிவு செய்யும்போது அதைப் பாத்திரத்தின் வாயில் வைத்துப் பாருங்கள். மெனுவில் "திறவுகோல்" அழகாகத்தான் இருக்கும். எஸ்டேட் காவல்காரர் "தம்பி, அந்தத் திறவுகோலக் குடு" என்று சொல்ல மாட்டார். அவர் "சாவி" என்றதும் பையில் இருப்பது வேறு பொருளோ என்ற குழப்பம் வரும். எழுத்துத் தமிழிலும் பேச்சிலும் ஒரேபோல் நிற்கும் சொல்தான் இங்கே பயன்படும். கொலுசு, சாவி, சலங்கை எல்லாம் அப்படி நிற்கும்.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. நம் எடுத்துக்காட்டில் Store என்ற ஒரே சொல் மூன்று படங்களில் இருக்கிறது என்று கொள்ளுங்கள். முதன்மை மெனுவில் அது "கடை". பெட்டியைத் திறந்தால் வரும் பொத்தானில் "உள்ளே வை". வரைபடத்தில் காபி மூட்டை அடுக்கிய "குடோன்". ஒரே சொல்லாயிற்றே என்று மொத்தமாக மாற்றிவிட்டால், வரைபடத்தில் குடோன் இருக்கும் இடத்தில் கடை முளைக்கும். எனவே சொல் தாளில் ஆங்கிலச் சொல்லை மட்டும் எழுதினால் போதாது. பக்கத்தில் இடமும் பட எண்ணும் வேண்டும்.

தமிழுக்கே உரிய பெரிய தொல்லை வேற்றுமை உருபு. "You got the Rope!", "You got the Silver Anklet!" என்று ஒரே அச்சில் இரண்டு படங்கள் வந்து, பொருளின் பெயர் மட்டும் வேறு நிறத்தில் இருந்தால் சந்தேகப்படுங்கள். வாக்கியம் ஒன்றுதான், பெயரை நிரல் உள்ளே செருகுகிறது என்பதற்கு அது நல்ல அறிகுறி. அங்கே "நீ … எடுத்தாய்" என்று எழுதினால் பெயர் இரண்டாம் வேற்றுமை கேட்கும். கயிறு கயிற்றை ஆகும், பெட்டகம் பெட்டகத்தை ஆகும், கொலுசு கொலுசை ஆகும். நிரலுக்கு இது தெரியாது. "கயிறுஐ" என்று ஒட்டி வைக்கும். பெயர் எழுவாயாகவே நிற்கும்படி வாக்கியத்தை அமைத்தால் இந்தத் தொல்லையே இல்லை: "கயிறு கிடைத்தது", "கயிறு தேவை", "கயிறு இல்லை". பொத்தானில் "பயன்படுத்து: கயிறு". எண்ணிக்கைக்கும் இதே வழிதான். "3 சாவிகள்" வேண்டாம், "சாவி × 3" போதும். தமிழில் கிடைத்தல், தேவை, இல்லை போன்றவை பெயரைத் திரிக்காமல் விடுவது நமக்குப் பெரிய வசதி.

வசனத்தில் பெயர் திரியத்தான் செய்யும், திரியட்டும். ஆனால் சரிபார்க்கும்போது முழுச் சொல்லைத் தேடாதீர்கள். "கொலுசு" என்று தேடினால் "கொலுசை" அகப்படாது. கடைசி உகரத்தை விட்டு "கொலுச" என்று தேடினால் கொலுசு, கொலுசை, பேச்சில் வரும் கொலுச எல்லாம் அகப்படும். கயிறுக்கு "கயி" என்று வைக்க வேண்டும், ஏனென்றால் காவல்காரர் "கயித்த" என்பார். "விளக்க" என்று தேடினால் விளக்கோடு விளக்கமும் வரும். அதைக் கண்ணால்தான் ஒதுக்க வேண்டும். ஆங்கிலம் C பத்தியிலும் தமிழ் D பத்தியிலும் இருந்தால் விரிதாளில் இப்படிப் போடலாம்:

```
=IF(AND(ISNUMBER(SEARCH("anklet",C2)),ISERROR(FIND("கொலுச",D2))),"பார்","")
```

ஆங்கிலத்தில் anklet இருந்தும் தமிழில் கொலுசு இல்லாத வரிசைகளில் "பார்" என்று வரும். அவை எல்லாமே பிழை அல்ல. "அதை எங்கே எடுத்த?" என்று சுட்டுப்பெயர் வந்திருக்கலாம்.

கண்ணுக்குச் சரியாகத் தெரிந்தும் "பார்" வந்தால், எழுத்தின் குறியீட்டைப் பாருங்கள். "கொ" என்பதை ஒகரக் குறி ஒன்றாலும் எழுதலாம், எகரக் குறியும் கால் குறியும் தனித்தனியாகப் போட்டும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோல் இருக்கும், தேடலில் வேறு வேறாகலாம். "கௌரவம்" என்பதில் ஔகாரக் குறிக்குப் பதில் எகரக் குறியும் ள எழுத்தும் போட்டிருந்தாலும் இதே கதைதான். முதல் வகையை, குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் யூனிகோடின் NFC வடிவத்துக்கு மாற்றினால் சரியாகிவிடும். இரண்டாவதை அது தொடாது. கையால்தான் மாற்ற வேண்டும்.

பேசுபவர், கேட்பவர் பத்திகள் எதற்கு என்றால், ஆங்கிலத்தின் you நமக்கு நீயா நீங்களா என்று சொல்லாது. நம் கதையில் காவல்காரர் ஒரு பையனிடம் "வா தம்பி". பையன் அவரிடம் "சொல்லுங்கண்ணே". எஸ்டேட் ரைட்டரிடம் இருவருமே "வாங்க சார்". ஒவ்வொரு இணைக்கும் ஒருமுறை முடிவு செய்து தாளில் எழுதிவிட்டால், நாற்பதாவது படத்தில் பையன் திடீரென்று "நீ" என்று சொல்லாமல் தப்பிக்கலாம். கதையில் சண்டை வந்து மரியாதை குறைய வேண்டிய இடம் இருந்தால் அந்தப் பட எண்ணையும் குறித்து வையுங்கள். இல்லாவிட்டால் சரிபார்ப்பவர் அதையும் "திருத்தி" விடுவார்.

முடித்த தமிழை நிறுவனம் விளையாட்டில் ஏற்றியதும் புதிய ஸ்கிரீன்ஷாட்டுகளைக் கேட்டு வாங்குங்கள். பழைய வரிசைப்படி பார்க்காமல் பொருள்வாரியாக அடுக்குங்கள்: கொலுசு வரும் பை, விவரம், வசனம் மூன்றும் பக்கத்தில் பக்கத்தில். "வெள்ளிக்" என்பதன் ஒற்று ஒரு படத்தில் இருந்து இன்னொன்றில் விழுந்திருப்பதும், பொத்தானின் ஓரத்தில் கடைசி எழுத்து வெட்டுப்பட்டிருப்பதும் அப்போதுதான் தெரியும். வெட்டுப்பட்டால் அந்தப் பொத்தானில் மட்டும் சொல்லைச் சுருக்காதீர்கள். சுருக்கியே ஆக வேண்டுமென்றால் சொல் தாளில் மாற்றி, அந்தப் பெயர் வரும் எல்லா வரிசையிலும் மாற்றுங்கள்.