இருபத்தேழு வாக்கு எங்கே போனது?

தெற்கு டில்லியில் ஒரு பள்ளி. தமிழ்ப் பிள்ளைகள் கணிசமாகப் படிக்கிறார்கள், என் மகளும் அங்கேதான். மாணவர் தலைவர் தேர்தலுக்கு வாக்கு எண்ண ஆள் வேண்டும் என்று பெற்றோரைக் கேட்டார்கள். கணக்குத் தணிக்கை என் தொழில் என்பதால் என்னைக் கரும்பலகை அருகே நிறுத்திவிட்டார்கள். நான்கு வகுப்பறைகளில் நான்கு சாவடிகள். அந்தந்த அறையிலேயே சீட்டுகளை எண்ணி, தாளில் எழுதி, கூடத்துக்கு அனுப்புவார்கள். ஒரு ஆசிரியர் அதைப் படிக்க, நான் பலகையில் எழுத வேண்டும். போட்டியிட்ட மூவருக்கும் சின்னம் உண்டு: மயில், பட்டம், விளக்கு. பிள்ளைகளின் பெயர் இங்கே தேவையில்லை, சின்னமே போதும்.

நான்காவது தாளும் வந்த பிறகு பலகையில் இருந்தது இது:

| சாவடி | மயில் | பட்டம் | விளக்கு | செல்லாதவை | கொடுத்த சீட்டு |
|---|---|---|---|---|---|
| 1 | 96 | 78 | 30 | 8 | 212 |
| 2 | 71 | 92 | 27 | 5 | 195 |
| 3 | 84 | 36 | 41 | 4 | 192 |
| 4 | 58 | 81 | 36 | 3 | 178 |
| மொத்தம் | 309 | 287 | 134 | 20 | 777 |

மயில் 22 வாக்கு முன்னிலை. கூடத்தின் பின்வரிசையில் கைதட்டல் தொடங்கிவிட்டது. அறிவிப்பதற்கு முன்னால் கடைசி வரியைக் கூட்டிப் பார்த்தேன். 309, 287, 134, 20 சேர்ந்தால் 750. கொடுத்த சீட்டோ 777. இருபத்தேழு வாக்கைக் காணவில்லை.

தவறைத் தேடிய கதைக்கு முன் அட்டவணையின் கடைசிப் பத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சரிபார்ப்பின் உயிரே அதில்தான் இருக்கிறது. 'கொடுத்த சீட்டு' என்பது வாக்குகளைக் கூட்டி வந்த எண் அல்ல. பெட்டியைத் திறப்பதற்கு முன்பே, கையெழுத்துப் பதிவேட்டை எண்ணியும், அச்சடித்த சீட்டில் மீந்ததைக் கழித்தும் எழுதப்பட்ட எண் அது. வாக்குகளின் கூட்டுத்தொகை வேறு ஒரு வழியில் வந்து அதே எண்ணை அடைய வேண்டும். இரண்டும் தனித்தனியாகப் பிறந்தவை என்பதால்தான் ஒன்று மற்றொன்றுக்குச் சாட்சி சொல்ல முடிகிறது.

நான் பார்த்த பல பள்ளி, சங்கத் தேர்தல்களில் இந்தப் பத்தியே இருக்காது. கடைசியில் 'மொத்தம்' என்று ஒரு கட்டம் போட்டு, அதே வரிசையைக் கூட்டி நிரப்புவார்கள். அப்படிச் செய்திருந்தால் மூன்றாம் சாவடிக்கு 165 என்று வந்திருக்கும். குறுக்கே கூட்டினாலும் 750, நெடுக்கே கூட்டினாலும் 750. எல்லாம் அழகாகப் பொருந்தியிருக்கும், முடிவு மட்டும் தவறாக இருந்திருக்கும். நாட்டின் பொதுத் தேர்தலிலும் இதே முறைதான். வாக்குப்பதிவு முடிந்ததும் சாவடித் தலைமை அலுவலர் படிவம் 17சி-யின் முதல் பகுதியில் எத்தனை வாக்கு பதிவானது என்று எழுதி, அங்கிருக்கும் முகவர்களுக்கு நகல் கொடுக்கிறார். எண்ணும் நாளில் அதன் இரண்டாம் பகுதி நிரப்பப்படுகிறது. எண்ணிக்கை தெரிவதற்கு முன்பே ஒரு எண்ணைப் பூட்டி வைக்கும் ஏற்பாடு அது.

எந்தச் சாவடி என்று கண்டுபிடிப்பது சுலபம். ஒவ்வொரு வரிசையையும் கூட்டி அதன் கடைசி எண்ணோடு ஒப்பிட வேண்டும். கணினியில் விரிதாள் வைத்திருப்பவர்களுக்கு ஒரே வரி:

```
=SUM(B4:E4)-F4
```

விடை 0 என்றால் சரி. ஒன்று, இரண்டு, நான்காம் சாவடிகளில் பூஜ்யம் வந்தது. மூன்றாம் சாவடியில் −27.

கணக்கர்களுக்கு 27 என்ற எண்ணைப் பார்த்ததும் ஒரு சந்தேகம் வரும். அது 9 ஆல் வகுபடுகிறது. ஓர் ஈரிலக்க எண்ணில் இலக்கங்களை மாற்றிப் போட்டால் வரும் வித்தியாசம் எப்போதும் 9-இன் மடங்காகத்தான் இருக்கும்:

```
(10a + b) − (10b + a) = 9(a − b)
```

இங்கே 27 என்பது 9 × 3. ஆகவே இரு இலக்கங்களுக்கும் இடையே 3 வித்தியாசம் உள்ள ஓர் எண் திரும்பியிருக்கலாம். கூட்டுத்தொகை குறைகிறது என்பதால், திருப்பினால் பெரிதாகும் எண்ணாகவும் இருக்க வேண்டும். 84-ஐத் திருப்பினால் 48, அது குறையும். 41-ம் அப்படியே. 36-ஐத் திருப்பினால் 63, சரியாக 27 கூடுகிறது. 9 ஆல் வகுபடுவது ஒரு துப்பு, தீர்ப்பு அல்ல. 25 சீட்டு அடங்கிய ஒரு கட்டு மேசைக்கடியில் விழுந்து, இன்னும் இரண்டு சீட்டு பெட்டியின் அடியிலேயே ஒட்டிக்கொண்டிருந்தாலும் 27 குறையும். அதனால் பலகையில் கை வைக்கவில்லை. சாவடித் தாளை வாங்கிப் பார்த்தோம். அதில் தெளிவாக 63 என்றே இருந்தது.

எழுதியவன் நான். எப்படித் தவறினேன் என்பது எனக்கு அன்றிரவுதான் புரிந்தது. படித்துக் காட்டிய ஆசிரியர் 'எய்ட்டி ஃபோர்' என்று ஆங்கிலத்தில் தொடங்கியவர், அடுத்த எண்ணை அவசரத்தில் இந்தியில் 'திர்ஸட்' என்றுவிட்டார். நம் மொழியில் அறுபத்து மூன்று: முதலில் ஆறு, பிறகு மூன்று, எழுதும் வரிசையும் அதுவே. இந்தியில் 'திர்' என்ற மூன்றுதான் முன்னால் வருகிறது, அறுபது பின்னால். காதில் விழுந்த வரிசையில் கை எழுதிவிட்டது. ஜெர்மன் மொழியிலும் இப்படித்தான், மூன்றும் அறுபதும் என்றே சொல்வார்கள். இருபது ஆண்டு டில்லியில் இருந்தும் அவசரத்தில் என் கை தமிழ் வரிசையையே நம்புகிறது. பல மொழிக்காரர்கள் சேர்ந்து எண்ணும் இடத்தில் எண்ணை இலக்கம் இலக்கமாக, 'ஆறு, மூன்று' என்று சொல்லச் செய்வதே நல்லது. எழுதியவர் அதைத் திருப்பிச் சொல்லவும் வேண்டும்.

36 அழிந்து 63 ஆனதும் பட்டத்தின் மொத்தம் 314 ஆயிற்று. மயில் 309. முன்னிலை கட்சி மாறிவிட்டது, வித்தியாசம் 5. கூட்டுத்தொகை 777, எல்லா வரிசையும் பூஜ்யம். அறிவித்துவிடலாமா என்று தலைமையாசிரியை கேட்டார். கட்டுகளை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிடலாம் மேடம் என்றேன்.

காரணம், கூட்டல் சரிபார்ப்புக்குத் தெரியவே தெரியாத ஒரு தவறு உண்டு. மயிலுக்கு விழுந்த சீட்டு ஒன்று பட்டத்தின் கட்டுக்குள் போய்விட்டால் என்ன ஆகும்? ஓரிடத்தில் ஒன்று குறையும், பக்கத்தில் ஒன்று கூடும். வரிசையின் மொத்தம் மாறாது, பெருந்தொகையும் மாறாது. எத்தனை முறை கூட்டினாலும் 777 தான். காணாமல் போன சீட்டைக் கூட்டல் காட்டிக்கொடுக்கும். இடம் மாறிய சீட்டைக் காட்டாது.

இந்த இரண்டுக்கும் வித்தியாசத்தின் மீதுள்ள பாதிப்பும் ஒன்றல்ல. ஒரு பிள்ளை சீட்டைப் பெட்டியில் போடாமல் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டால் கணக்கில் 1 குறையும், அதனால் வித்தியாசம் அதிகபட்சம் 1 மாறும். முன்னிலை 5 இருக்கும்போது அதைக் குறிப்பெழுதிவிட்டு மேலே போகலாம். இடம் மாறிய சீட்டோ ஒருவருக்குக் கூட்டி, மற்றவருக்குக் குறைக்கிறது, ஆகவே ஒவ்வொன்றும் வித்தியாசத்தை 2 மாற்றும். 5 வாக்கு முன்னிலையைக் கவிழ்க்க மூன்றே சீட்டு போதும். கிட்டத்தட்ட எண்ணூறு சீட்டைப் பிள்ளைகளும் பெற்றோரும் வேகமாகப் பிரிக்கும்போது மூன்று தவறுவது பெரிய அதிசயமல்ல. முன்னிலை 100 என்றால் இந்த வேலையே வேண்டாம். எவ்வளவு ஆழமாகச் சரிபார்ப்பது என்பதை வெற்றி வித்தியாசம்தான் சொல்கிறது.

புரட்டும் வேலைக்கு அரை மணி நேரம் ஆனது. ஒவ்வொரு 25 சீட்டுக் கட்டையும், முதலில் எண்ணாத ஒருவர் பிரித்து, சின்னம் தெரியும்படி விசிறியாக விரிக்க வேண்டும். மயிலின் கட்டைப் பட்டத்தின் முகவரும், பட்டத்தின் கட்டை மயிலின் முகவரும் பார்க்க வேண்டும். தன் கட்டுக்குள் தவறி வந்ததைவிட, எதிராளியின் கட்டுக்குள் தன் சீட்டு சிக்கியிருப்பதைத்தான் கண் வேகமாகப் பிடிக்கும். இரண்டாம் சாவடியில் பட்டத்தின் இரண்டாவது கட்டில் ஒரு மயில் இருந்தது. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, மயிலின் முகவர், விரலை வைத்துக் காட்டினாள், கூச்சல் போடவில்லை. வேறு எதுவும் அகப்படவில்லை.

மயில் 310, பட்டம் 313. வித்தியாசம் 5-லிருந்து 3 ஆனது. செல்லாதவை 20 இருந்ததால், முன்னிலை இவ்வளவு மெலிந்த பிறகு அவற்றையும் மேசையில் பரப்பினோம். இரண்டு சின்னத்துக்கும் முத்திரை குத்தியவை, வெறுமையாக விட்டவை, கோட்டின் மேல் குத்தியவை. இந்த இடத்தில் கணக்கு உதவாது. விதி மட்டுமே உதவும், அந்த விதி வாக்குப்பதிவுக்கு முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும். எங்களிடம் எழுதியிருந்தது. மூன்று முகவர்களும் இருபதையும் பார்த்துக் கையெழுத்திட்டார்கள்.

மிச்சம் சதவீதம். எதை அடிப்படையாக எடுப்பது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். செல்லுபடியான 757 வாக்கில் பட்டம் 41.3, மயில் 41.0, விளக்கு 17.7. செல்லாதவற்றையும் சேர்த்து 777-இல் கணக்கிட்டால் பட்டத்துக்கு 40.3 தான் வரும். இரண்டும் சரியே, ஒரே தாளில் கலக்காமல் இருந்தால் போதும். தசமம் இல்லாமல் அருகிலுள்ள முழு எண்ணாக எழுதினால் பட்டமும் மயிலும் 41 என்று சமமாகிவிடும். மூன்றாம் சாவடியில் முழு எண்ணாக்கினால் 45, 34, 22 என்று வந்து கூட்டல் 101 ஆகிறது. அது தவறல்ல, மூன்று எண்ணும் மேல்நோக்கி முழுமையாக்கப்பட்டதன் விளைவு. அதைச் சரிக்கட்ட யாராவது ஓர் எண்ணில் ஒன்றைக் குறைத்தால்தான் தவறு.

இதைவிட நுட்பமான தவறு ஒன்றை அங்கேயே ஒரு தந்தை செய்தார். நான்கு சாவடியின் சதவீதங்களையும் கூட்டி நான்கால் வகுத்தார். பட்டம் 41.5, மயில் 40.7 என்று வந்தது. உண்மையான இடைவெளி 0.4 சதவீதப் புள்ளி, அவருடைய கணக்கில் 0.8, இருமடங்கு. மயில் நன்றாக வாங்கிய முதல் சாவடியில் 204 செல்லுபடியான வாக்கு, பட்டம் நன்றாக வாங்கிய நான்காவதில் 175. சராசரி எடுக்கும்போது இரண்டுக்கும் ஒரே எடை கிடைக்கிறது, அதாவது நான்காம் சாவடிப் பிள்ளையின் ஒரு வாக்கு முதல் சாவடியின் ஒரு வாக்கைவிடக் கனத்துவிடுகிறது. போட்டி இன்னும் நெருக்கமாக இருந்தால் இந்த ஒரு வகுத்தலே வென்றவரை மாற்றிக் காட்டும். சாவடிகளின் வாக்குகளைத்தான் கூட்ட வேண்டும். சதவீதத்தைக் கடைசியில் ஒரே ஒரு முறை கணக்கிட வேண்டும்.

அறிவிப்புப் பலகையில் ஒட்டிய தாளில் வாக்குகள் சாவடிவாரியாக முதலில் வந்தன, கொடுத்த சீட்டின் பத்தியோடு. சதவீதம் அதற்குக் கீழே, 'செல்லுபடியான வாக்கில்' என்ற குறிப்புடன். இரண்டாம் சாவடியின் 92 அடிக்கப்பட்டு 91 என்றும், 71 அடிக்கப்பட்டு 72 என்றும் திருத்தப்பட்டிருந்ததை அப்படியே விட்டோம். பக்கத்தில் மூன்று முகவர்களின் கையெழுத்தும் நேரமும் இருந்தன.